உதவி தேவை: 4-க்குக் குறைந்த ஒப்படைப்புகளை நீக்கினால் அகமதிப்பீடு கூடிவிடுகிறது

கேட்பவர் (கல்லூரி விரிவுரையாளர்):
பத்து மதிப்பெண் வீதம் ஆறு ஒப்படைப்புகள். மொத்தம் 25-க்கு மாற்றப்படும். 4-க்குக் குறைவாகப் பெற்ற ஒப்படைப்பைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்பது துறையின் புதிய விதி. 9, 8, 3, 7, 2, 7 பெற்ற மாணவர் முன்பு 15 வாங்கியிருந்தார். கூகுள் ஷீட்ஸில் கீழ்க்கண்ட சூத்திரத்தை இட்டதும் அவருக்கு 19.4 வருகிறது. எங்கே பிழை?

```
=AVERAGEIF(B2:G2,">=4")*2.5
```

முதல் பதில்:
உங்கள் சூத்திரம் தேறிய நான்கால் மட்டுமே வகுக்கிறது. SUMIF கொண்டு கூட்டி, COUNT(B2:G2) ஆல் வகுத்தால் சரியாகிவிடும்.

இன்னொருவர்:
என்பிடெல் படிப்பிலும் இப்படித்தான். ஒப்படைப்புகளில் 25-க்கு 10, தேர்வில் 75-க்கு 30 இருந்தால்தான் சான்றிதழ் கிடைக்கும்.

மதிப்பெண் பதிவேடு பார்ப்பவர்:
ஐயா, என்பிடெல்லில் வரம்பு கூட்டுத்தொகைக்கு; இவர் கேட்பது ஒவ்வோர் ஒப்படைப்புக்குமான வரம்பு. COUNT யோசனை பாதி சரி. ஆனால் அது வெற்றுக் கட்டங்களை எண்ணாது. எனவே எழுதி 3 வாங்கியவருக்கு ஆறால் வகுபடும், எழுதாமலே விட்டவருக்கு ஐந்தால் வகுபடும். வகுக்கும் எண் எல்லோருக்கும் 60 ஆகவே இருக்கட்டும்:

```
=SUMIF(B2:G2,">=4")/60*25
```

இந்த மாணவருக்கு 31-ஐ 60-ஆல் வகுத்து 25-ஆல் பெருக்கினால் 12.9 வரும். பழைய சூத்திரத்தின் கோளாறை இப்படியும் பார்க்கலாம்: இவரே 3-க்கும் 2-க்கும் பதிலாக இரண்டிலும் 4 வாங்கியிருந்தால் அதில் 16.25 தான் வந்திருக்கும், அதாவது நன்றாக எழுதியதற்கே மூன்று மதிப்பெண் போயிருக்கும். "சேர்க்கக் கூடாது" என்பதைச் சுழியமாகக் கொள்வதுதான் துறையின் எண்ணம் என்று நினைக்கிறேன். விதியின் வாசகத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கேட்பவர்:
நன்றி, 12.9 வருகிறது, சுழியம் என்றே சுற்றறிக்கையிலும் இருக்கிறது. இன்னொரு மாணவரின் கட்டத்தில் 4.0 என்று தெரிகிறது, ஆனாலும் சேரவில்லையே?

மதிப்பெண் பதிவேடு பார்ப்பவர்:
அந்தக் கட்டத்தைச் சொடுக்கி மேலே சூத்திரப் பட்டையைப் பாருங்கள். தாமதத்திற்குப் பத்து விழுக்காடு கழித்திருக்கிறீர்களா?

கேட்பவர்:
ஆம், 4.4-இல் கழித்தது.

மதிப்பெண் பதிவேடு பார்ப்பவர்:
அப்படியானால் உள்ளே இருப்பது 3.96. ஒரு தசம இடம் மட்டும் காட்டுவதால் 4.0 எனத் தெரிகிறது. SUMIF பார்ப்பதோ 3.96-ஐத்தான். கழிக்கும் இடத்திலேயே ROUND போட்டால் 4 ஆகிவிடும்:

```
=ROUND(4.4*0.9,1)
```

ஆயினும் வரம்பைப் பார்க்க வேண்டியது கழிப்பதற்கு முன்பா, பின்பா என்பது விரிதாள் தீர்மானிக்கும் காரியமன்று.

முதல் பதில் தந்தவர்:
கழிப்பதற்கு முன்புதான் பார்க்க வேண்டும். தாமதத்திற்கு ஒரே தண்டனை போதும்.

மதிப்பெண் பதிவேடு பார்ப்பவர்:
எனக்கு அதில் உடன்பாடில்லை. பதிவேட்டில் ஏறும் மதிப்பெண் எதுவோ அதையே பார்க்க வேண்டும்.

கேட்பவர்:
துறைத்தலைவரிடம் எழுத்து மூலம் கேட்டிருக்கிறேன். பதில் வரும்வரை அந்த மாணவரின் வரிசையை மட்டும் நிறுத்தி வைக்கிறேன்.