கடைப் பெயரை மாற்றி ஒரு வருஷம் ஆச்சு, விற்பனை 8% குறைஞ்சிருக்கு. பெயர்தான் காரணமா?

காட்பாடி மருமகள்
எங்களுடையது இனிப்பு, கார வகைக் கடை. வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை என மூன்று இடத்தில் இருக்கிறது. தாத்தா பெயரில் இருந்த ‘ஸ்வீட் ஸ்டாலை’ 2024 தீபாவளி முடிந்த மறுநாள், நவம்பர் 1-ல் புதுப் பெயருக்கு மாற்றினோம். பலகை, டப்பா, கவர், யூனிஃபார்ம் எல்லாமே புதுசு. நான்காவதான குடியாத்தம் கடை மட்டும் சின்ன மாமனார் பொறுப்பில் இருப்பதால் இன்னும் பழைய பெயரில்தான் ஓடுகிறது. இப்போது வருஷக் கணக்கு எடுத்தால் மூன்று கடையும் சேர்த்து 312 லட்சத்திலிருந்து 287-க்கு இறங்கியிருக்கிறது. மாமனார் ‘அன்னைக்கே சொன்னேன்’ என்கிறார். கணவர், கடைக்கு வந்த 60 பேரிடம் கேட்டு 52 பேருக்குப் புதுப் பெயர் தெரிகிறது, அதனால் வெற்றி என்கிறார். ஆளாளுக்கு ஒன்று சொல்லாமல், நிஜமாகவே எப்படிக் கண்டுபிடிப்பது?

ஆற்காடு ஆடிட்டிங்
GST-யில் வணிகப் பெயரை மாற்ற REG-14 போட வேண்டும் மேடம். உணவு உரிமத்திலும் மாற்றணும், விட்டுவிடாதீர்கள்.

காட்பாடி மருமகள்
அதெல்லாம் அப்போதே முடித்துவிட்டோம் சார். நான் கேட்பது பலன் கிடைத்ததா என்று.

சத்துவாச்சாரி
இதற்கு ஒரு வருஷம் தேவையே இல்லை. 2009-ல் அமெரிக்காவில் டிராபிகானா ஜூஸ் டப்பாவின் தோற்றத்தை மாற்றினார்கள், இரண்டு மாதத்துக்குள் விற்பனை 20% விழுந்தது, பழைய டப்பாவுக்கே திரும்பிவிட்டார்கள். கெட்டது நடந்தால் உடனே தெரியும். உங்களுக்கு முதல் இரண்டு மாதம் நன்றாக இருந்ததா? அப்படியானால் பெயர் மேல் தப்பில்லை.

சர்வே எடுப்பவன்
சத்துவாச்சாரி அண்ணா சொல்வது பாதி சரி. சூப்பர் மார்க்கெட் அலமாரியில் கை எட்டும் தூரத்தில் வேறு ஜூஸ் இருக்கும், அதனால் அடி உடனே தெரியும். இனிப்புக் கடைக்குத் தினமும் வருபவர் பலகையைப் பார்த்து வருவதில்லை, கால் தானாக வரும். வருஷத்துக்கு ஒரு முறை கல்யாண ஆர்டர் கொடுப்பவர்தான் பெயரைத் தேடுவார், அந்த இழப்பு மெதுவாகத்தான் தெரியும்.

அதை விட முக்கியம், மேடத்தின் 8% கணக்கே தப்பு. 2023 தீபாவளி நவம்பர் 12, 2024-ல் அக்டோபர் 31, 2025-ல் அக்டோபர் 20. நவம்பரிலிருந்து அக்டோபர் வரை எடுத்தால் பெயர் மாற்றத்துக்கு முந்தைய வருஷத்தில் இரண்டு தீபாவளி, பிந்தைய வருஷத்தில் ஒன்று! இனிப்புக் கடையில் இது இருந்தால் எந்தப் பெயர் வைத்தாலும் விற்பனை குறைந்த மாதிரிதான் தெரியும். தீபாவளி விற்பனையை இரண்டு பக்கமும் எடுத்துவிட்டு மீதியைப் பாருங்கள். பெயர் மாறாத குடியாத்தத்துக்கும் அதே கணக்கைப் போடுங்கள், உங்களுக்கு அளவுகோல் அந்தக் கடைதான். வரி சேர்க்காத தொகையை எடுங்கள், 2025 செப்டம்பர் 22-க்கு அப்புறம் பாக்கெட் மிக்சர், கேக் எல்லாவற்றுக்கும் வரி குறைந்ததால் பில் தொகை தானாகவே இறங்கியிருக்கும்.

குடியாத்தம் லுங்கி
எங்கள் அனுபவம் ஒன்று. லுங்கி லேபிளை மாற்றினோம், முதல் மூன்று மாதம் ஆர்டர் பிய்த்துக்கொண்டு போனது. அப்புறம் பார்த்தால் சரக்கு வியாபாரிகளின் கடையிலேயே தேங்கி நின்றது, பண்டல் பண்டலாகத் திரும்பி வந்தது. நாங்கள் எண்ணியது வியாபாரி வாங்கியதை, ஜனம் வாங்கியதை இல்லை. நீங்களும் வெளிக் கடைகளுக்குச் சரக்குப் போட்டால் அதைத் தனியாக வையுங்கள்.

காட்பாடி மருமகள்
இரவு உட்கார்ந்து போட்டேன். தீபாவளி நீங்கலாக மூன்று கடையும் 236 லட்சத்திலிருந்து 245. குடியாத்தம் 61-லிருந்து 61, அசையவே இல்லை. வெளிக் கடைகளுக்குப் போடுவதில்லை. அப்படியானால் பெயர் 4% கொடுத்தது என்று மாமனாரிடம் சொல்லலாமா?

சர்வே எடுப்பவன்
இன்னும் சொல்லாதீர்கள். கடைவாரியாகப் பிரியுங்கள். அந்த வருஷத்தில் எந்தக் கடையில் வேறு என்ன மாறியது?

காட்பாடி மருமகள்
காட்பாடி 11 லட்சம் ஏற்றம், வேலூர் 2 ஏற்றம், ராணிப்பேட்டை 4 இறக்கம். காட்பாடியில் பிப்ரவரியில் ஏசி போட்டு உட்கார்ந்து சாப்பிட மேசை போட்டோம்... இப்போதுதான் உறைக்கிறது.

சர்வே எடுப்பவன்
அதேதான். காட்பாடி ஏற்றத்தில் மேசைக்கு எவ்வளவு, பெயருக்கு எவ்வளவு என்று இனி பிரிக்க முடியாது. அதை ஒதுக்கினால் மீதி இரண்டு கடையும் சேர்ந்து 2 லட்சம் குறைவு. அது வழக்கமான ஏற்ற இறக்கத்துக்குள்ளேயே அடங்கிவிடும். ராணிப்பேட்டைதான் பார்க்க வேண்டிய இடம்.

உங்கள் கணவரின் 52 பேர் உதவாது. கடைக்குள் நின்று, பெயர் போட்ட கவரைக் கையில் வைத்திருப்பவரிடம் கேட்டால் யாருக்கும் தெரியத்தான் செய்யும். ராணிப்பேட்டை முத்துக்கடை பஸ் நிறுத்தத்தில், உங்கள் கவர் இல்லாதவர் 100 பேரிடம் கேளுங்கள். ‘இனிப்பு வாங்கணும்னா எந்தக் கடை ஞாபகம் வருது?’ இவ்வளவுதான், எந்தப் பெயரையும் நீங்கள் எடுத்துக் கொடுக்கக் கூடாது. அவர் முதலில் சொல்வதை அப்படியே எழுதுங்கள். அதன் பிறகுதான் நான்கைந்து பெயரைப் படித்து, தெரியுமா என்று கேட்க வேண்டும். அவற்றோடு, ஊரில் எங்குமே இல்லாத கடை ஒன்றின் பெயரையும் கலந்துவிடுங்கள். அதையும் தெரியும் என்பவர்கள் இருப்பார்கள், அவர்கள் எத்தனை பேரோ உங்கள் பெயருக்கு வந்த ‘தெரியும்’களையும் அந்த அளவுக்கு நம்பக் கூடாது. 100 பேர் என்றால் விடை 10 புள்ளி வரை கூடக் குறைய இருக்கலாம், அதனால் 12-க்கும் 15-க்கும் சண்டை போடாதீர்கள்.

காட்பாடி மருமகள்
வேலை செய்பவர்களிடமும் கேட்க நினைக்கிறேன். நானே கூப்பிட்டுக் கேட்டால் ‘நல்லா இருக்குங்கம்மா’ என்பதைத் தவிர எதுவும் வரவில்லை.

சர்வே எடுப்பவன்
முதலாளி வீட்டார் கேட்டால் வேறு என்ன சொல்வார்கள்? பெயர் எழுதாமல், டிக் மட்டும் போடும் சீட்டு கொடுத்துப் பெட்டியில் போடச் சொல்லுங்கள். கையெழுத்தே தேவைப்படக் கூடாது. வெளியில் எங்கே வேலை என்று கேட்டால் எந்தப் பெயரைச் சொல்கிறீர்கள், சொந்தக்காரரை இங்கே வேலைக்குச் சேர்த்துவிடுவீர்களா, இந்த இரண்டு போதும். குடியாத்தத்திலும் அதே சீட்டு. ராணிப்பேட்டையில் ஆள் குறைவு என்றால் கடைவாரியாகப் பிரிக்காதீர்கள், யார் போட்டது என்று தெரிந்துவிடும்.

காட்பாடி மருமகள்
இரண்டு வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். முத்துக்கடையில் 100 பேரில் 31 பேர் எங்கள் கடையைச் சொன்னார்கள், அதில் 19 பேர் பழைய பெயரை. இல்லாத கடையைத் தெரியும் என்றவர்கள் 9 பேர். வயதான அம்மா ஒருவர், ‘நல்ல கடையாச்சே, வேற யாருக்கோ வித்துட்டாங்களாமே’ என்றார். அதற்கப்புறம் எண்ண ஆரம்பித்தேன், அதே பேச்சை இன்னும் ஆறு பேர் சொன்னார்கள்.

சீட்டு 41-ல் 33 திரும்பி வந்தது. 20 பேர் வெளியில் பழைய பெயரைத்தான் சொல்கிறார்கள். சொந்தக்காரரைச் சேர்த்துவிடுவோம் என்றவர்கள் 24, குடியாத்தத்திலும் ஏறக்குறைய அதே விகிதம். ராணிப்பேட்டைக் கடைக்கு நானே போன் செய்தேன், எடுத்த பையன் பழைய பெயரைச் சொல்லித்தான் ‘சொல்லுங்க’ என்றான். மைசூர்பாகு போடும் மாஸ்டரிடம் பேசினேன், ‘யூனிஃபார்ம் குடுத்தப்பதாம்மா பேரு மாறினதே தெரியும்’ என்றார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

சத்துவாச்சாரி
அப்போ பெயர் தப்பில்லை, சொன்ன விதம்தான் தப்பு. பலகையில் தாத்தா படத்தை வைத்து ‘அதே குடும்பம்’ என்று ஒரு வரி போட்டால் முடிந்தது.

சர்வே எடுப்பவன்
இருக்கலாம். ஆனால் ‘வித்துட்டாங்க’ என்ற ஏழு பேரால்தான் 4 லட்சம் போனது என்று இன்னும் நிரூபணம் ஆகவில்லை. ராணிப்பேட்டைப் பலகையில் மட்டும் அந்த வரியைப் போட்டு ஆறு மாதம் பில் எண்ணிக்கையைப் பாருங்கள், வேலூர்ப் பலகையைத் தொடாதீர்கள். மாற்றத்துக்கு முன் எத்தனை பேருக்கு ஞாபகம் இருந்தது என்பதை மூன்று ஊரிலும் இனி அளக்க முடியாது, போன வருஷம் போனதுதான். குடியாத்தத்தில் மட்டும் இன்னும் முடியும். அங்கே பலகை மாறுவதற்கு முன் அதே 100 பேர் கேள்வியைக் கேட்டுவிடுங்கள்.

குடியாத்தம் லுங்கி
குடியாத்தத்தை அளவுகோலாக வைப்பதில் எனக்கு ஒரு சந்தேகம். இங்கே தறி ஓடினால்தான் கையில் காசு, ராணிப்பேட்டைக்குத் தொழிற்சாலைச் சம்பளம். இரண்டு ஊர் பணமும் ஒரே மாதிரி நடக்காது.

சர்வே எடுப்பவன்
உண்மைதான். அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. முந்தைய இரண்டு மூன்று வருஷத்தில் இரண்டு கடையும் சேர்ந்தே ஏறி இறங்கினவா என்று மாதவாரியாகப் பார்க்கலாம். இல்லையென்றால் அந்த ஒப்பீட்டைக் கைவிட வேண்டியதுதான்.

காட்பாடி மருமகள்
பழைய பில் புத்தகங்களை இறக்கி வைத்திருக்கிறேன். சின்ன மாமனார் தை பிறந்ததும் புதுப் பலகை மாட்ட ஆர்டர் கொடுத்துவிட்டாராம், ஞாயிற்றுக்கிழமையே குடியாத்தம் பஸ் ஸ்டாண்டில் போய் நிற்கிறேன்.