புள்ளித் திட்ட விளக்கத் தாளை மாற்றி எழுத உதவி தேவை: புள்ளி சேர்வது, காலாவதியாவது, கழிப்பது மூன்றுமே குழப்புகின்றன

கிளைப் பொறுப்பாளர்:
எங்கள் மளிகை மற்றும் வீட்டுப் பொருள் கடைக்கு நான்கு கிளைகள் உள்ளன. வாடிக்கையாளர் அட்டைத் திட்டத்தின் விளக்கத் தாளைப் புதிதாக அச்சிட இருக்கிறோம்; அதைத் திருத்தி எழுதும் வேலை என்னிடம் வந்திருக்கிறது. இப்போதுள்ள வாசகம் இதுதான்:

"உறுப்பினர்கள் தகுதியுள்ள கொள்முதல்களின் நிகர மதிப்பில் ஒவ்வொரு ரூ.100க்கும் 1 புள்ளி ஈட்டுவர். ஈட்டிய புள்ளிகள் 12 மாதங்களுக்குச் செல்லுபடியாகும். குறைந்தபட்சம் 200 புள்ளிகளுக்கு உட்பட்டு, பில் தொகையில் 50% வரை மீட்டுக்கொள்ளலாம். 1 புள்ளி = 50 காசு. நிர்வாகத்தின் முடிவே இறுதியானது."

இதைப் படித்த பிறகும் வாடிக்கையாளர்கள் பில் போடும் இடத்தில் நின்று, "1,450 ரூபாய்க்கு வாங்கினேன், 14 புள்ளிகளுக்குப் பதிலாக 9 மட்டும் ஏன் ஏறியது?" என்றும், "போன மாதம் 620 புள்ளிகள் இருந்தன, நான் எதையும் எடுக்காமலே 410 ஆனது எப்படி?" என்றும் கேட்கிறார்கள். எளிய தமிழில் இதை எப்படி எழுதலாம் என்று சொல்லுங்கள்.

நுகர்வோர் தோழன்:
முன்னறிவிப்பு இல்லாமல் 210 புள்ளிகளை நீக்கியது தவறு. பழைய பில்களை எடுத்து வைத்துக்கொண்டு, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுங்கள். எனக்கும் ஒரு துணிக்கடையில் இதே அனுபவம் நேர்ந்தது. கடிதம் எழுதிய பிறகுதான் புள்ளிகளைத் திருப்பி ஏற்றினார்கள்.

கிளைப் பொறுப்பாளர்:
ஐயா, நான் கடைக்காரர் பக்கம் இருப்பவன். அந்தப் புகார் வராமல் இருப்பதற்காகத்தான் இங்கே கேட்கிறேன்.

நுகர்வோர் தோழன்:
மன்னிக்கவும், வேகமாகப் படித்துவிட்டேன். அப்படியானால் "நிர்வாகத்தின் முடிவே இறுதியானது" என்ற வரியை முதலில் எடுத்துவிடுங்கள். மேலே உள்ள எந்த விதியையும் நம்ப வேண்டாம் என்று வாடிக்கையாளரிடம் சொல்வதைத் தவிர அந்த வரி வேறொன்றும் செய்யவில்லை.

சுருக்க விரும்பி:
உங்கள் சிக்கல் நீளம்தான். "100 ரூபாய்க்கு 1 புள்ளி. கடைசியாக வாங்கிய நாளிலிருந்து 12 மாதம் செல்லும். 200 சேர்ந்ததும் பயன்படுத்தலாம்." இந்த மூன்று வரி போதும், மற்றதைக் கடைப் பையன்கள் வாய்மொழியாகச் சொல்லட்டும். எந்தத் திட்டத்திலும் காலாவதி கடைசிப் பில்லிலிருந்துதான் எண்ணப்படும் என்பதால் அதில் குழப்பத்துக்கே இடமில்லை.

பில்லிங் அனுபவசாலி:
கடைசியாக வாங்கிய நாளிலிருந்து எண்ணும் திட்டங்கள் உண்டு, ஆனால் எல்லாத் திட்டங்களும் அப்படி அல்ல. கேள்வியிலேயே இதற்குச் சான்று இருக்கிறது: 620 புள்ளிகள் 410 ஆகியிருக்கின்றன. கடைசிப் பில்லிலிருந்து எண்ணும் முறையில், தொடர்ந்து வாங்குகிறவருக்கு ஒரு புள்ளியும் போகாது. நெடுநாள் வராதவருக்கு மொத்தமும் ஒரே நாளில் போகும். ஒரு பகுதி மட்டும் போயிருக்கிறது என்றால், ஒவ்வொரு பில்லின் புள்ளிகளுக்கும் தனித்தனியே ஆயுள் எண்ணப்படுகிறது என்று பொருள்.

மென்பொருள் என்ன செய்கிறது என்பது உறுதியாகத் தெரியும் முன்னர் எழுத உட்காராதீர்கள். ஒரு சோதனை உறுப்பினர் கணக்கைத் திறந்து, வெவ்வேறு தேதிகளில் புள்ளி ஏற்றி, பிறகு கழித்துப் பாருங்கள். நான்கு கேள்விகளுக்கு விடை வேண்டும். 100 ரூபாய் என்பது தள்ளுபடிக்கு முன்பா பின்பா, வரியோடு சேர்த்தா? 12 மாதம் முடிவது அதே தேதியிலா, மாதக் கடைசியிலா? கழிக்கும்போது பழைய புள்ளி முதலில் போகிறதா, புதியதா? 200 என்பது கணக்கில் இருக்க வேண்டிய இருப்பா, ஒரே தடவையில் எடுக்க வேண்டிய குறைந்த அளவா?

மூன்றாவது கேள்வியை யாரும் கேட்பதில்லை, ஆனால் சண்டை அங்கேதான் தொடங்கும். ஒருவரிடம் 2024 ஜூனில் சேர்ந்த 90 புள்ளிகளும் நவம்பரில் சேர்ந்த 150 புள்ளிகளும் இருந்தன. 2025 மே மாதம் அவர் 200 புள்ளிகளைக் கழித்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழையது முதலில் போனால் ஜூன் புள்ளிகள் முழுவதும் தீர்ந்து, மீதி 40 நவம்பர் வரை இருக்கும். புதியது முதலில் போனால் மீதி 40 ஜூனில் சேர்ந்தவை; அடுத்த மாதமே காலாவதியாகிவிடும். பில்லில் இரண்டு பேருக்கும் "இருப்பு 40" என்றுதான் அச்சாகும்.

கிளைப் பொறுப்பாளர்:
சோதித்துப் பார்த்தோம். தள்ளுபடி போக, வரியோடு சேர்த்துச் செலுத்தும் தொகைக்குப் புள்ளி ஏறுகிறது. அரிசி, சர்க்கரை, சமையல் எண்ணெய் ஆகியவற்றுக்கு ஏறுவதில்லை. 1,450 ரூபாய் பில்லில் 480 ரூபாய் அரிசி இருந்ததால்தான் 970 ரூபாய்க்கு 9 புள்ளிகள் வந்திருக்கின்றன. காலாவதி, அடுத்த ஆண்டு அதே மாதத்தின் கடைசி நாளில் நடக்கிறது. பழைய புள்ளிகளே முதலில் கழிகின்றன. 200 என்பது ஒரே தடவையில் எடுக்க வேண்டிய குறைந்த அளவு. அதற்குக் கீழே மென்பொருள் ஏற்க மறுக்கிறது.

டொராண்டோ வாசகி:
நான் வசிக்கும் ஒன்ராறியோ மாகாணத்தில், காலம் கடந்தது என்ற காரணத்துக்காக மட்டும் புள்ளிகளைக் காலாவதியாக்கக் கூடாது என்று 2016இல் சட்டம் கொண்டு வந்தார்கள். அதே ஆண்டில் ஏர் மைல்ஸ் என்ற பெரிய திட்டம், பழைய புள்ளிகளை ஆண்டிறுதியில் நீக்கப் போவதாக அறிவித்திருந்து, எதிர்ப்புக்குப் பின் அந்த முடிவைக் கைவிட்டது. நீங்களும் காலாவதி விதியை நீக்கிவிட்டால் விளக்கத் தாள் பாதியாகக் குறைந்துவிடும் அல்லவா?

பில்லிங் அனுபவசாலி:
அந்தச் சட்டம் தமிழ்நாட்டுக் கடையைக் கட்டுப்படுத்தாது. மேலும், கழிக்காத புள்ளி ஒவ்வொன்றும் கடை தர வேண்டிய கடன். இந்தியக் கணக்கியல் தரநிலை 115ஐப் பின்பற்றும் பெரிய நிறுவனங்கள், புள்ளிக்கு உரிய பங்கை விற்ற அன்றே வருவாயாகக் காட்டாமல் தள்ளிவைக்கின்றன. சிறிய கடை அப்படிக் கணக்கு எழுதாவிட்டாலும் கடன் இல்லாமல் போய்விடாது. எனவே காலாவதியை நீக்க முதலாளி சம்மதிப்பார் என்று நான் நினைக்கவில்லை.

ஆனால் சோதனை முடிவைப் பார்த்த பிறகு வேறொன்று உறுத்துகிறது. மாதம் ஒரு முறை வந்து, புள்ளி ஏறும் பொருள்களாக 1,500 ரூபாய்க்கு வாங்கும் குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மாதம் 15 புள்ளிகள் சேரும். மாதக் கடைசி வரை ஆயுள் இருப்பதால், அதிகமாகப் போனால் 13 மாதப் புள்ளிகள் ஒரே நேரத்தில் கணக்கில் இருக்கலாம், அது 195. அடுத்த மாதம் 15 சேரும் முன்பே முதல் 15 போயிருக்கும். அந்தக் குடும்பம் பத்து ஆண்டுகள் தவறாமல் வந்தாலும் 200ஐத் தொடாது. சேரும் விதி, காலாவதி விதி, கழிக்கும் விதி ஆகியவற்றைத் தனித்தனிப் பத்திகளில் எவ்வளவு தெளிவாக எழுதினாலும் இந்த உண்மை அவற்றில் தெரியாது, ஏனென்றால் மூன்றும் சேரும் இடத்தில்தான் அது இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. 200 புள்ளிகள் என்றால் 100 ரூபாய். பில்லில் பாதிக்கு மேல் கழிக்க முடியாது. ஆகவே 200 ரூபாய்க்குக் குறைந்த பில்லில், 600 புள்ளிகள் வைத்திருப்பவர்கூட ஒரு காசும் கழிக்க முடியாது. இது உங்கள் வாசகத்தில் எங்குமே இல்லை.

சுருக்க விரும்பி:
கடைசிப் பில் பற்றி நான் பொதுவாகச் சொல்லிவிட்டேன். இந்தக் கடைக்கு அது பொருந்தாது என்பது சரி. ஆனால் இத்தனை விவரங்களையும் தாளில் போட்டால் யார் படிப்பார்கள்? வாடிக்கையாளர் பார்ப்பது பில்லைத்தான். "இருப்பு 410" என்று மட்டும் அச்சிடாமல், "இந்த மாதக் கடைசியில் காலாவதியாகுபவை: 60" என்று கீழே ஒரு வரி சேர்த்தால், தாளில் பாதிப் பேச்சு தேவைப்படாது.

பில்லிங் அனுபவசாலி:
இதை முழுமையாக ஏற்கிறேன். அந்த வரி எல்லாப் பில்லிலும் வேண்டாம். காலாவதியாகும் புள்ளி இருக்கும் மாதத்தில் மட்டும் வரட்டும், இல்லையென்றால் கண் பழகிப்போய்ப் படிக்காமல் விட்டுவிடும்.

கிளைப் பொறுப்பாளர்:
195 கணக்கை முதலாளியிடம் காட்டினேன். அவருக்கே இது தெரிந்திருக்கவில்லை. குறைந்த அளவை 100 ஆக்கலாமா என்று கேட்டதற்கு, தீபாவளி விற்பனை முடியட்டும் என்றார். எனவே இப்போதைக்கு 200ஐயே வைத்து எழுதியிருக்கிறேன். பில் போடும் இடத்தில் கேள்விகள் வரும் வரிசையிலேயே அமைத்திருக்கிறேன்:

"ஒரு புள்ளிக்கு 50 காசு மதிப்பு. அரிசி, சர்க்கரை, சமையல் எண்ணெய் தவிர்த்த பொருள்களுக்கு, தள்ளுபடி போக நீங்கள் செலுத்தும் ஒவ்வொரு முழு 100 ரூபாய்க்கும் 1 புள்ளி சேரும். உங்கள் பில் 1,450 ரூபாய், அதில் அரிசி 480 ரூபாய் என்றால், மீதி 970 ரூபாய்க்கு 9 புள்ளிகள் கிடைக்கும். மிஞ்சும் 70 ரூபாய் அடுத்த பில்லோடு சேராது.

ஒரு மாதத்தில் சேர்ந்த புள்ளிகளை அடுத்த ஆண்டு அதே மாதத்தின் கடைசி நாள் வரை பயன்படுத்தலாம். 2025 மார்ச்சில் சேர்ந்தவை 2026 மார்ச் 31 வரை இருக்கும். இடையில் புதிதாக வாங்குவதால் பழைய புள்ளிகளின் கடைசி நாள் தள்ளிப்போகாது.

ஒரு தடவையில் குறைந்தது 200 புள்ளிகளைப் பயன்படுத்த வேண்டும். இதற்கு ஓராண்டில் சுமார் 20,000 ரூபாய்க்குப் புள்ளி சேரும் பொருள்களை வாங்கியிருக்க வேண்டும். பில் 200 ரூபாய்க்குக் குறையாமல் இருக்க வேண்டும். அதில் பாதித் தொகை வரை கழிக்கலாம். உங்களிடம் 260 புள்ளிகள் இருந்து, பில் 220 ரூபாய் என்றால், 220 புள்ளிகளைக் கொடுத்து 110 ரூபாய் கழிக்கலாம்; 40 புள்ளிகள் மீதி இருக்கும். பழைய புள்ளிகளே முதலில் கழியும்."

20,000 ரூபாய் வரியை எடுத்துவிடலாமா என்று முதலாளி கேட்கிறார்.

நுகர்வோர் தோழன்:
அதை எடுத்தால் அட்டை வாங்கியவர் ஓராண்டு கழித்துத் தானே அதைக் கண்டுபிடிப்பார். அந்த வரி இருக்கட்டும்.

பில்லிங் அனுபவசாலி:
வாசகம் நன்றாக வந்திருக்கிறது. ஒன்று மட்டும் விடுபட்டிருக்கிறது. மேற்சொன்ன 220 ரூபாய் பில்லில் 110 ரூபாயைப் புள்ளியாகக் கொடுத்தவருக்குப் புதிதாக 2 புள்ளிகள் ஏறுமா, 1 ஏறுமா? "நீங்கள் செலுத்தும்" என்ற உங்கள் சொல்லை ரொக்கம் மட்டும் என்றும் படிக்கலாம், புள்ளியையும் சேர்த்தும் படிக்கலாம். பொருளைத் திருப்பிக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதும் இல்லை. ஏறிய புள்ளியை வாடிக்கையாளர் அதற்குள் செலவழித்திருந்தால் சில மென்பொருள்கள் இருப்பை எதிர்மறையாகக் காட்டும்.

கிளைப் பொறுப்பாளர்:
முதல் கேள்விக்கு இப்போதே பில் போட்டுப் பார்த்தேன்: 1 புள்ளிதான் ஏறுகிறது. "புள்ளிகளால் கழித்த தொகைக்குப் புதிய புள்ளி சேராது" என்று சேர்த்துவிடுகிறேன். திருப்பிக் கொடுக்கும் பொருளுக்கு ஒவ்வொரு கிளையும் ஒவ்வொரு விதமாகச் செய்கிறது. மேலாளர்கள் கூடிப் பேசி ஒரு முறையை முடிவு செய்யும் வரை அதைத் தாளில் எழுத எனக்கு வழியில்லை.