சுற்றுலாக் கையேட்டில் மொத்தச் செலவை எங்கே காட்டுவது?

வணக்கம். சிங்கப்பூர் சிராங்கூன் சாலையிலுள்ள எங்கள் நிறுவனத்தின் மதுரை, ராமேஸ்வரம் 5 நாள் சுற்றுலாக் கையேட்டைத் திருத்தி எழுதுகிறேன். முகப்பில் ‘தலைக்கு 888 வெள்ளி’ என்று கொட்டை எழுத்து. அறையை இருவர் பகிர்ந்தால்தான் அந்த விலை என்பது கடைசிப் பக்கத்தில், பூதக்கண்ணாடி தேவைப்படும் அளவில்!

தம்பதியோடு பாட்டியும் வந்தால் 2,664 வெள்ளி என்றுதான் குடும்பம் கணக்குப் போடும். பாட்டியின் தனியறைக்கு 320, ஓட்டுநருக்கும் வழிகாட்டிக்கும் சேர்த்து அன்பளிப்பு பயணி ஒருவருக்கு நாளுக்கு 6 வீதம் 90 சேர்ந்தால் 3,074. இந்திய விசா கட்டணம் வேறு.

இந்தக் கணக்கை முகப்பு விலைக்குக் கீழேயே அச்சிட நினைக்கிறேன். பெரிய தொகையைக் கண்டால் ஆட்கள் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார்கள் என்கிறார் முதலாளி. அவர் பயமும் நியாயம்தான்.

பெற்றோரை அழைத்துச் சென்றவர்களே, மாதிரிக் கணக்கு மட்டும் போதுமா, எந்த நாளில் எந்த வேளைச் சாப்பாடு பயணியின் சொந்தச் செலவு என்ற அட்டவணையும் வேண்டுமா?