பையரின் குறிப்பை மறைக்கும் மெர்ச்சண்டைசர்: முதலாளியிடம் சொல்வதா, வேண்டாமா?

கேட்டவர் (உற்பத்திப் பிரிவு, திருப்பூர்):
பையருக்கும் எங்களுக்கும் இடையே தொடர்பாளராக இருக்கும் எங்கள் மெர்ச்சண்டைசர், உற்பத்திக்கு முன் ஒப்புதலுக்காகத் தைத்து அனுப்பும் பிபி சாம்பிளுக்கு, ஆர்டர் கொடுத்த பையர் அனுப்பிய திருத்தத்தை எங்களிடம் சொல்லாமல் வைத்திருந்து, திங்கட்கிழமைக் கூட்டத்தில் முதலாளி முன்னிலையில் தாமே கண்டுபிடித்ததைப் போல எடுத்து வைத்தார். உடல் நீளத்தை ஒன்றரை சென்டிமீட்டர் கூட்ட வேண்டுமாம். அதற்குள் 12,000 பீஸில் 4,000 பீஸ் கட்டிங் முடிந்துவிட்டது. இது மூன்றாவது முறை. நான் என்ன செய்யலாம்?

முன்னாள் உற்பத்தி மேலாளர்:
முதலில் வெட்டிய துணியைக் காப்பாற்றுங்கள். குட்டையாக வெட்டியதை நீட்ட முடியாது. ஆனால் உங்கள் சைஸ் சார்ட்டில் அடுத்தடுத்த அளவுகளுக்கு இடையே நீளம் இரண்டு சென்டிமீட்டராவது கூடுகிறது என்றால், எக்ஸ்எல் பீஸை எல் ஆகவும், எல்-ஐ எம் ஆகவும், எம்-ஐ எஸ் ஆகவும் மறுபடி வெட்டிக்கொள்ளலாம். எஸ் பீஸ்கள் மட்டும் எதற்கும் உதவாமல் நிற்கும்; அவற்றைப் பழைய நீளத்திலேயே ஏற்றுக்கொள்ளும்படி பையரிடம் கேட்க வேண்டும். எக்ஸ்எல் புதிதாக வெட்டும்போது அதே சாய லாட்டில், அதாவது ஒரே தடவையில் சாயமிட்டதில், மீதமுள்ள துணியையே எடுங்கள். வேறு லாட் கலந்தால் நிறம் மாறி, இன்னொரு பிரச்சினை கிளம்பும்.

அந்த மனிதரைப் பொறுத்தவரை, அவருக்கு மெயில் எந்த நேரத்தில் வந்தது, அதில் இருந்த மற்றக் குறிப்புகளை அவர் யாருக்கு, எப்போது அனுப்பினார் என்ற இரண்டையும் பாருங்கள். வேலைப்பளுவால் மறப்பவர் பெரும்பாலும் எல்லாவற்றையும் தாமதமாக்குவார், மறைப்பவரோ தேர்ந்தெடுத்துத்தான் தாமதமாக்குவார்.

மெர்ச்சண்டைசர் ஒருவர்:
இதை இவ்வளவு எளிதாகச் சதி என்று சொல்ல வேண்டாம். ஒரே நேரத்தில் பதினைந்து ஸ்டைல்களைக் கையாளும் எங்களுக்குப் பையர் ஒரே மெயிலில் இருபது குறிப்புகளை அனுப்புவார். அதுவும் ஒரு புறமிருக்க, கையெழுத்திட்ட பிபி ஒப்புதல் தாள் இல்லாமல் கட்டிங்கைத் தொடங்கியது யார்? குற்றம் முழுவதையும் எங்கள் மேசைமீது போடுவது நியாயமல்ல.

கேட்டவர்:
அந்தக் கேள்வி நியாயமானது. "ஓகே ஆகிவிடும், தொடங்குங்கள்" என்று எங்கள் மெர்ச்சண்டைசர் வாய்மொழியாகச் சொன்னதை நம்பித் தொடங்கினேன். அது என் தவறு. ஆனால் மெயில் வியாழன் மாலை வந்திருக்கிறது. அதிலிருந்த வாஷ் கேர் லேபிள் திருத்தத்தை அன்று மாலையே ஆக்சசரீஸ் ஸ்டோருக்கு அனுப்பியிருக்கிறார். மறுநாள் காலை கட்டிங் டேபிளுக்கு எதிரிலேயே நின்று என்னோடு பேசியவர், நீளத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

ஆசிரியை ஒருவர்:
எங்கள் தலைமையாசிரியரும் பயிற்சிச் சுற்றறிக்கைகளைக் கடைசி நாளில்தான் காட்டுவார். நான் இடமாறுதல் வாங்கிக்கொண்டு நிம்மதியானேன். நீங்களும் வேறு நிறுவனம் பார்ப்பதே நல்லது.

முன்னாள் உற்பத்தி மேலாளர்:
அம்மா, உங்களுடையது மேலதிகாரியோடு வந்த பிரச்சினை. இங்கே இருவரும் சமநிலையில் இருப்பவர்கள், ஒரே ஷிப்மென்ட் தேதிக்குக் கட்டுப்பட்டவர்கள்.

கேட்டவருக்கு: லேபிள் குறிப்பு போயிருக்கிறது, நீளக் குறிப்பு போகவில்லை என்றால் அதை மறதி என்று ஏற்க எனக்கும் மனம் வரவில்லை. இருந்தாலும் அவருடைய உள்நோக்கத்தைப் பற்றி முதலாளியிடம் பேசாதீர்கள். அதை உங்களால் நிரூபிக்க முடியாது. மெயில் வந்த நேரம், கட்டிங் தொடங்கிய நேரம், வீணான துணியின் எடை ஆகிய மூன்றையும் ஒரே தாளில் எழுதிக் கொடுங்கள். கூடவே, பையரின் குறிப்புகள் மெர்ச்சண்டைசிங், உற்பத்தி, தரக்கட்டுப்பாடு மூன்றுக்கும் சேரும் பொது மெயில் முகவரிக்கு வரட்டும் என்றும், கையெழுத்திட்ட தாள் இல்லாமல் கட்டிங்குக்குத் துணியை அடுக்கி லே விரிக்க மாட்டேன் என்றும் அதே தாளில் எழுதுங்கள்.

தரக்கட்டுப்பாட்டில் இருப்பவர்:
நான் இதை மறுக்கிறேன். தாள் வராமல் தொடங்க மாட்டேன் என்று இவர் நின்றால், அந்த மனிதர் தாளையே இரண்டு நாள் தாமதமாகக் கொடுப்பார். ஒவ்வொரு வேலைக்கும் நாள் குறிக்கும் டைம் அண்ட் ஆக்‌ஷன் அட்டவணையில் அந்த இரண்டு நாளும் உற்பத்தியின் கணக்கில்தான் விழும். பையரோடு உள்ள தொடர்பைத் தம் கையிலேயே வைத்திருப்பதுதான் அவருக்குப் பலம் என்னும்போது, பொது முகவரிக்கு அவர் எளிதில் சம்மதிக்கவும் மாட்டார். மூன்று முறை நடந்ததை முதலாளியிடம் பெயர் சொல்லியே பேச வேண்டும்.

மெர்ச்சண்டைசர் ஒருவர்:
லேபிள் விவரத்தைப் படித்த பிறகு அவருக்காக வாதாட எனக்கு விருப்பமில்லை. ஆனால் பொது முகவரி வந்தால், பாதி முடிவான குறிப்பைப் பார்த்து உற்பத்தியினர் வேலையைத் தொடங்கிவிடும் ஆபத்தும் உண்டு. எது இறுதிக் குறிப்பு என்று சொல்லும் பொறுப்பு மெர்ச்சண்டைசரிடமே இருக்க வேண்டும்.

கேட்டவர்:
தாளை எழுதிக் கொடுத்துவிட்டேன். அதில் என் தவறையும் சேர்த்தே எழுதினேன். அட்டவணையில் குறிப்பு வந்த நேரத்துக்கும் அது கட்டிங்குக்குச் சேர்ந்த நேரத்துக்கும் தனித்தனிக் கட்டம் போட முதலாளி ஒப்புக்கொண்டார். பொது முகவரிக்கு இன்னும் சம்மதிக்கவில்லை. அதே லாட்டில் துணி இருக்கிறது. எக்ஸ்எல் நாளை வெட்டுகிறோம். எஸ் பீஸ்களைப் பற்றிப் பையரிடமிருந்து பதில் வரவில்லை. அந்தப் பதிலும் எங்கள் மெர்ச்சண்டைசரின் மெயிலுக்குத்தான் வர வேண்டியிருக்கிறது.