தண்ணீர் கேன் ஆப்பின் விதிமுறை: ‘மட்டும்’ இல்லாமல் நிற்குமா?

கேன் தம்பி, லாஸ்பேட்டை

போன வாரம் வேறொரு திரியில் ஒரு வக்கீல், "எளிய தமிழில் விதிமுறை எழுதுவதெல்லாம் விளையாட்டு, கோர்ட்டில் நிற்காது" என்று எழுதியிருந்தார். படித்ததில் இருந்து எரிச்சல் அடங்கவில்லை. எங்களுடையது சின்ன ஆப். 20 லிட்டர் தண்ணீர் கேனைப் புதுச்சேரியிலும் கடலூரிலும் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் போடுகிறோம். விதிமுறை 14 பக்கம், எங்கிருந்தோ எடுத்து ஒட்டியது. அதில் பெங்களூர் கோர்ட் என்றுகூட இருந்தது, நாங்கள்தான் புதுச்சேரி என்று மாற்றினோம். இப்போது மொத்தத்தையும் 12 வரியாக்கிவிட்டேன். இரண்டு வரியை இங்கே போடுகிறேன், நிற்குமா சொல்லுங்கள்.

பழைய 9: "வைப்புத்தொகையானது நியாயமான கழிவுகளுக்கு உட்பட்டு, நிறுவனத்தின் முழு விருப்புரிமையின் பேரில் திருப்பியளிக்கப்படலாம்."
புதிய 9: "காலி கேனைக் கொடுத்தால் 7 நாளில் 150 ரூபாய் திரும்ப வரும். உடைந்த கேனுக்கு வராது."

பழைய 11: "இதன்பாற்பட்டு எழும் சகல பிணக்குகளும் புதுச்சேரி நீதிமன்றங்களின் பிரத்தியேக அதிகார வரம்பிற்கு உட்பட்டவை."
புதிய 11: "தகராறு வந்தால் புதுச்சேரி கோர்ட்டில் வழக்குப் போடலாம்."

மஞ்சக்குப்பம் வக்கீல்

அந்த வக்கீல் நான்தான் தம்பி. தைரியமாக என்னைக் கூப்பிட்டே கேட்டிருக்கலாம். 22 வருடமாகக் கோர்ட் படி ஏறுகிறேன். உங்கள் 11-ஐ மட்டும் பாருங்கள். பழசில் ‘பிரத்தியேக’ என்று இருந்தது, அது போய்விட்டது. அந்த இடத்தில் ‘மட்டும்’ வந்திருக்கிறதா? இல்லை. ஆக, நாளைக்கு எவனும் எந்த ஊரிலும் வழக்குப் போடுவான். ஒரு சொல்லைத் தூக்கினால் ஒரு கோட்டை போகும் என்பதற்கு இதுதான் சாட்சி. இதற்குத்தான் படித்தவன் எழுத வேண்டும் என்பது.

கெடிலக்கரை

வக்கீல் சாரைப் பார்த்துக் கொஞ்ச நாள் ஆகிறது. போன தடவை தீபாவளிச் சீட்டுத் திரியில் பாதியில் எழுந்து போனவர்.

‘மட்டும்’ இல்லாவிட்டால் கோட்டை போகும் என்பது பழைய பயம். 2013-ல் ஸ்வஸ்திக் கேஸஸ், இந்தியன் ஆயில் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. ஒப்பந்தத்தில் கொல்கத்தா நீதிமன்றங்களின் வரம்புக்கு உட்பட்டது என்று இருந்ததே தவிர, ‘மட்டும்’ என்ற சொல் கிடையாது. ஜெய்ப்பூர்க்காரர்கள் எங்கள் ஊரிலும் நடத்தலாமே என்றார்கள். ஓர் ஊரைக் குறிப்பிட்டு எழுதியதே மற்ற ஊர்களை விலக்கத்தான் என்று சொல்லி நீதிபதிகள் அனுப்பிவிட்டார்கள். ஆக, உங்கள் மந்திரச் சொல் இல்லாமலே ஓடும்.

மஞ்சக்குப்பம் வக்கீல்

அம்மா, தீர்ப்பை நானும் படித்தவன். அங்கே ‘உட்பட்டது’. தம்பி எழுதியிருப்பது ‘போடலாம்’. ‘உட்பட்டது’ கயிறு, ‘லாம்’ கதவு. வரலாம், வராமலும் போகலாம். ‘லாம்’ போட்ட இடத்தில் ‘மட்டும்’ இல்லாவிட்டால் என்ன மிஞ்சும்? ‘மட்டும்’ எங்கே என்றுதான் கேட்கிறேன், அதற்குப் பதில் சொல்லுங்கள்.

தீபாவளிச் சீட்டுத் திரியில் நான் எழுந்து போகவில்லை. அன்றைக்கு எனக்கு வேறு வேலை இருந்தது.

நெல்லித்தோப்பு

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒரு உடற்பயிற்சி ஆப்பில் ஆறு மாதத்துக்குப் பணம் கட்டினேன், மூன்றாம் மாதம் கடையைச் சாத்திவிட்டார்கள். விதிமுறையைப் பார்த்தால் வழக்கு டெல்லியில் மட்டும் என்று போட்டிருந்தது. ரயில் டிக்கெட்டே பாக்கிப் பணத்தைத் தாண்டும் என்று விட்டுவிட்டேன். பாண்டியில் பிரெஞ்சு சட்டம் வேறு இருக்கிறதாமே, அதில் ஏதாவது வழி உண்டா?

கெடிலக்கரை

பிரெஞ்சு சட்டம் சில குடும்பங்களின் கல்யாணம், வாரிசுரிமை விஷயத்தோடு நிற்கிறது நெல்லித்தோப்பு. ஒப்பந்தத்துக்குப் புதுச்சேரியிலும் அதே 1872 இந்திய ஒப்பந்தச் சட்டம்தான்.

ஆனால் நீங்கள் விட்டுக்கொடுத்திருக்கவே வேண்டாம். 2019 நுகர்வோர் சட்டம் 34-வது பிரிவின்படி, புகார்தாரர் தான் குடியிருக்கும் ஊரின் மாவட்ட ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். ஒப்பந்தத்தில் டெல்லி என்று எழுதியிருப்பதால் அந்த உரிமை போகாது. கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணமும் கிடையாது. உங்களைத் தடுத்தது சட்டம் இல்லை, அந்த ‘மட்டும்’. தம்பியின் 11-ல் எனக்குள்ள குறையும் அதுதான். ‘மட்டும்’ போட்டாலும் போடாவிட்டாலும், கடலூரில் வீட்டுக்குக் கேன் வாங்கும் அம்மா கடலூர் ஆணையத்துக்குப் போகலாம். அதை மறைத்துவிட்டுப் புதுச்சேரி கோர்ட் என்று சொல்வது எளிய தமிழில் சொன்ன பொய்.

மஞ்சக்குப்பம் வக்கீல்

34-வது பிரிவு எனக்குத் தெரியாதா? தெரிந்துதான் சொல்கிறேன், ‘மட்டும்’ இருக்கட்டும். செல்லாவிட்டாலும் நஷ்டம் இல்லை. படிப்பவர்களில் பாதிப்பேர் பஸ் ஏறவேண்டுமே என்று விட்டுவிடுவார்கள். நிறுவனத்துக்கு அது லாபம்தானே? கட்சிக்காரர் நலன் பார்ப்பவன்தான் வக்கீல்.

கெடிலக்கரை

எல்லாரும் இந்தப் பதிலைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அரியாங்குப்பத்தான்

நான் தமிழாசிரியன். ‘கோர்ட்’, ‘பஸ்’, ‘டிக்கெட்’, ‘ஆப்’. எளிய தமிழ் என்றால் ஆங்கிலத்தைத் தமிழெழுத்தில் எழுதுவதா? ‘நீதிமன்றம்’ என்ற சொல் யாருக்குப் புரியாது?

கேன் தம்பி, லாஸ்பேட்டை

ஐயா, என் வாடிக்கையாளர்கள் கோர்ட் என்றுதான் சொல்கிறார்கள். அது இருக்கட்டும். 9-வது வரியைப் பற்றி யாருமே பேசவில்லையே? எனக்கு அதில்தான் தினமும் சண்டை.

கெடிலக்கரை அக்கா முன்பொரு முறை சொன்னபடி வரியைக் காட்டி ‘புரிகிறதா’ என்று கேட்காமல், நடந்த கதையைச் சொல்லிக் கேட்டுப் பார்த்தேன். முதுநகரில் ஐந்து வீடு. "உங்கள் கேனில் உள்ளே பாசி, மூடியைக் காணோம். 150 வருமா?" இரண்டு பேர் வரும் என்றார்கள், இரண்டு பேர் வராது என்றார்கள். ஒரு பாட்டி, "உன் ஆள் முகத்தைப் பார்த்தால்தான் தெரியும்" என்றார். வரி சின்னதுதான், ஆனால் ‘உடைந்த’ என்பதை ஆளுக்கு ஒரு மாதிரி எடுத்துக்கொள்கிறார்கள். அப்புறம் ‘7 நாள்’ என்றைக்கு ஆரம்பம் என்பதும் அதில் இல்லை. வாசலில் கேனை வைத்த நாளா, பையன் எடுத்த நாளா? இப்படி மாற்றினேன்:

"எங்கள் ஆள் கேனை எடுத்ததும் ஆப்பில் ‘பெற்றோம்’ என்று வரும். அன்றிலிருந்து 7 நாளில் 150 ரூபாய் திரும்ப வரும். ஓட்டை விழுந்து தண்ணீர் நிற்காத கேனுக்கு வராது. அழுக்கு, கீறல், மூடி இல்லாததற்குப் பிடித்தம் கிடையாது."

இரண்டு வரி நான்காகிவிட்டது. ஆனால் அதே ஐந்து வீட்டிலும் இப்போது ஒரே பதில் வருகிறது.

மஞ்சக்குப்பம் வக்கீல்

பார்த்தீர்களா, சுருக்கப் போனவர் நீட்டிக்கொண்டு வருகிறார். இன்னும் நாலு சண்டை வந்தால் 14 பக்கம் ஆகிவிடும். நாங்கள் எழுதிய 14 பக்கம் ஒவ்வொன்றும் யாரோ போட்ட சண்டையின் தழும்பு. ‘நியாயமான கழிவுகளுக்கு உட்பட்டு’ என்பதற்குள் பாசி, மூடி, கீறல் எல்லாம் அடங்கும். அதன் அருமை இப்போது தெரிகிறதா?

கெடிலக்கரை

அடங்கும் சார். எவ்வளவு பிடிப்பது என்பதும் அதற்குள் அடங்கும், 150 முழுசும்கூட அடங்கும். பழைய 9-ல் ‘திருப்பியளிக்கப்படலாம்’ என்று இருந்தது, அந்த ‘லாம்’ உங்கள் கண்ணில் படவே இல்லை. 11-ல் வந்த ‘லாம்’ மட்டும் கதவாகத் தெரிகிறது. பணம் கொடுக்க வேண்டிய இடத்தில் ‘லாம்’ இருந்தால் சரி, வழக்குப் போடுகிற இடத்தில் இருந்தால் தப்பு, அப்படித்தானே?

மஞ்சக்குப்பம் வக்கீல்

பேச்சை மாற்றாதீர்கள். 11-ல் ‘மட்டும்’ எங்கே? இன்னொன்றும் கேட்கிறேன். எல்லாரும் வீட்டுக்கா வாங்குகிறார்கள்? ஒயிட் டவுனில் ஒரு லாட்ஜ் தினமும் 40 கேன் எடுக்கிறது என்று வையுங்கள். வியாபாரத்துக்கு வாங்குபவர் நுகர்வோரே இல்லை. அவர் போக வேண்டியது சிவில் கோர்ட். அங்கே உங்கள் 34 வேலை செய்யாது, என் ‘மட்டும்’ செய்யும்.

கெடிலக்கரை

லாட்ஜ் விஷயம் சரி. அதற்காக வீட்டம்மாவையும் சேர்த்து ஏன் பயமுறுத்த வேண்டும்? இரண்டையும் பிரித்தால் போயிற்று. தம்பி, இப்படி எழுதிப் பாருங்கள்:

"வீட்டுக்கு வாங்குபவர்கள்: நீங்கள் இருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே எங்கள் மேல் புகார் கொடுக்கலாம். லாட்ஜ், அலுவலகம், கம்பெனிக்கு வாங்குபவர்கள்: வழக்கைப் புதுச்சேரி நீதிமன்றத்தில்தான் போட வேண்டும்."

‘நீதிமன்றம்’ என்றே போட்டிருக்கிறேன், அரியாங்குப்பத்தார் தூங்கட்டும். தனி ஆளாகப் பிழைப்புக்கு டீக்கடை வைத்திருப்பவரை இரண்டாவது வரியில் சேர்க்காதீர்கள், அவரைச் சட்டம் நுகர்வோராகவே பார்க்கும். புதுச்சேரியில் உங்கள் அலுவலகம் இருப்பதால் அந்த ஊரின் பெயரை எழுத முடிகிறது. வியாபாரமே இல்லாத பெங்களூரை எழுதி அங்கே அதிகாரத்தை உண்டாக்க முடியாது. ஒட்டியெடுத்த விதிமுறைகளில் இது சர்வசாதாரணம்.

அரியாங்குப்பத்தான்

‘லாட்ஜ்’? ‘கம்பெனி’?

மஞ்சக்குப்பம் வக்கீல்

ஆக, ‘மட்டும்’ வேண்டாம் என்றவர் ‘தான்’ போட்டிருக்கிறார். ‘புதுச்சேரியில்தான்’. ‘தான்’ என்றால் என்ன, தமிழாசிரியர் ஐயாவே சொல்லட்டும். ‘மட்டும்’ என்பதற்குத் தாவணி கட்டிவிட்டால் ‘தான்’. நான் சொன்னதைத்தான் சுற்றி வளைத்து எழுதியிருக்கிறார்.

கெடிலக்கரை

நீங்கள் சொன்னது எல்லாருக்கும். நான் எழுதியது லாட்ஜுக்கு.

நெல்லித்தோப்பு

அந்த ஆறு மாதப் பணம் கட்டி ஒரு வருடம் ஆகிறது. இப்போதும் புகார் கொடுக்கலாமா?

கெடிலக்கரை

பிரச்சினை தொடங்கிய நாளிலிருந்து இரண்டு வருடம் அவகாசம் உண்டு. பணம் கட்டிய ரசீதைத் தேடி எடுங்கள்.

ஒரு வாசகர், வில்லியனூர்

இப்போதுதான் ஆப்பைத் திறந்து பார்த்தேன். 12 வரிக்குக் கீழே பழைய 14 பக்கம் அப்படியே இருக்கிறது. கடைசியில், "மாறுபாடு இருப்பின் ஆங்கில வடிவமே இறுதியானது" என்றும் இருக்கிறது. அப்படியானால் மேலே எழுதிய 150, 7 நாள், எதுவுமே கணக்கில் இல்லையே?

மஞ்சக்குப்பம் வக்கீல்

அதை வைக்கச் சொன்னது யாரோ விவரம் தெரிந்தவர். நான் இல்லை, ஆனால் நல்ல யோசனை.

கேன் தம்பி, லாஸ்பேட்டை

ஐயோ, அதை எடுக்க மறந்துவிட்டேன். இன்று ராத்திரியே எடுக்கிறேன். 11-ஐ அக்கா சொன்னபடி இரண்டாகப் பிரித்து ஏற்றிவிட்டேன், பார்த்துச் சொல்லுங்கள்.

மஞ்சக்குப்பம் வக்கீல்

பார்த்தேன். முதல் வரியில் ‘மட்டும்’ எங்கே?