அம்மச்சி வீடு குழு: சௌம்யாவின் வேலை மெயில்

சௌம்யா: எல்லோருக்கும் வணக்கம். பெருந்துறைப் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் குவாலிட்டி இன்சார்ஜ் வேலைக்கு மெயில் போடணும். நாளைக்குத்தான் கடைசி நாள். அனுப்புவது இங்கிலீஷில்தான், விஷயத்தை மட்டும் தமிழில் போடுகிறேன். சரியா என்று பாருங்கள்.

"நான் கடின உழைப்பாளி. பொறுப்புணர்வும் குழுவாகப் பணியாற்றும் திறனும் உள்ளவள். தரத்தில் சமரசம் செய்யாதவள். எனக்கு ஒரு வாய்ப்பு அளித்தால் நிறுவனத்தின் வளர்ச்சிக்கு முழு மனதுடன் பாடுபடுவேன்."

பழனிசாமி பெரியப்பா: அருமை. "மதிப்பிற்குரிய ஐயா" சேர்த்துக்கொள் கண்ணு. நான் 1984இல் எழுதியதும் இப்படித்தான். ஒரே விண்ணப்பம், வேலை கிடைத்தது.

கலாமணி: பெருந்துறையா? என்கிட்ட சொல்லவே இல்லையே.

சௌம்யா: காலையில் சொன்னேனே அம்மா.

மீனா சித்தி: ஞாயிற்றுக்கிழமை கருப்பராயன் கோவிலுக்கு வேன் யார் பேசுகிறீர்கள்? கெடா வெட்டு 11 மணிக்கு.

பிரவீன்: சௌமி, இதில் எண்ணே இல்லையே. எல்லாவற்றுக்கும் பர்சன்டேஜ் போடு. "தரத்தை 40% உயர்த்தினேன்" மாதிரி. எங்கள் ஆபீஸில் எல்லோரும் அப்படித்தான் போடுகிறார்கள்.

சுரேஷ் மாமா: பிரவீன் சொல்வதில் பாதி சரி. எண் வேண்டும், ஆனால் எங்கிருந்து வந்ததென்று தெரியாத எண் வேண்டாம். எங்கள் யூனிட்டுக்கு ஆள் எடுக்கும்போது மெயில்களை நான்தான் படிக்கிறேன். கடின உழைப்பாளி என்று எழுதாதவர் ஒருவரும் இல்லை, அதனால் அந்த வரியில் கண் நிற்பதே இல்லை. 40% என்று பார்த்தால் நேரில் முதல் கேள்வியே "எதில் 40%, எப்படிக் கணக்குப் போட்டீர்கள்" என்பதுதான். சௌமி, அந்த விளம்பரத்தில் என்ன கேட்டிருக்கிறார்கள்?

சௌம்யா: லைனிலேயே டிஃபெக்ட் குறைக்கத் தெரிந்தவர், பையர் இன்ஸ்பெக்‌ஷன் பார்த்த அனுபவம் உள்ளவர் என்று போட்டிருக்கிறார்கள் மாமா.

சுரேஷ் மாமா: அப்படியானால் மெயிலில் அந்த இரண்டும் மட்டும் இருந்தால் போதும். லைனில் நீ இறங்கிச் செய்த ஒரு காரியம் சொல்.

சௌம்யா: கழுத்துப் பட்டியில், அதாவது நெக் ரிப்பில், நீடில் ஹோல் நிறைய வந்தது மாமா. எந்த ஆபரேஷனில் எத்தனை டிஃபெக்ட் என்று தனித்தனியாக எழுதிப் பார்த்தேன். பாதிக்கு மேல் அந்த ஒரே ஓவர்லாக் ஆபரேஷனில் இருந்தது. ஊசி முனை மழுங்கினால் நூலைத் தள்ளிவிட்டு இறங்காமல் அறுத்துவிடும். ரிப்பை இழுத்துப் பார்த்தால்தான் ஓட்டை தெரியும். அதனால் ஷிப்ட் தொடங்கும்போதே ஊசி மாற்றச் சொன்னேன், மணிக்கு ஒரு தடவை இழுத்துப் பார்க்கவும் வைத்தேன். டி.எச்.யு. 11இலிருந்து 5 ஆனது.

சுரேஷ் மாமா: இதைத்தான் மெயிலில் எழுதணும்! இத்தனை வைத்துக்கொண்டு பொறுப்புணர்வு என்று எழுதினாயே.

பிரவீன்: டி.எச்.யு. என்றால்?

சௌம்யா: நூறு பீஸ் பார்த்தால் எத்தனை டிஃபெக்ட் வருகிறது என்ற கணக்கு அண்ணா.

பிரவீன்: 11இலிருந்து 5 என்றால் 55% குறைவு! அதைப் போடு!

சுரேஷ் மாமா: பொறு. சௌமி, 11 எந்த ஸ்டைலில் வந்தது, 5 எந்த ஸ்டைலில் வந்தது?

சௌம்யா: 11 ஜூனில், போலோ ஓடியபோது. 5 செப்டம்பரில், ரவுண்ட் நெக்.

சுரேஷ் மாமா: அங்கேதான் மாட்டுவாய். போலோவில் காலர் இருக்கிறது, பிளாக்கெட் இருக்கிறது, பட்டன் இருக்கிறது. தையல் வேலை அதிகம், டிஃபெக்டும் இயல்பாகவே அதிகம். ரவுண்ட் நெக்குக்கு மாறினாலே எண் இறங்கிவிடும், நீ ஒன்றும் செய்திருக்க வேண்டியதில்லை. விஷயம் தெரிந்தவர் எதிரில் உட்கார்ந்திருந்தால் ஒரே கேள்வியில் பிடித்துவிடுவார். அப்புறம் நீ உண்மையாகச் செய்த ஊசி வேலையைக்கூட நம்ப மாட்டார். ஜூனில் ரவுண்ட் நெக் ஓடியதா? லைன் கடைசி செக்கிங் ரிஜிஸ்டரில் இருக்கும், பார்.

பழனிசாமி பெரியப்பா: அன்றைக்கே பேங்க் கோச்சிங் சேரச் சொன்னேன். ஊசி, ஓட்டை என்று அலைய வேண்டியிருக்காது.

கலாமணி: மாமா, அதை மறுபடியும் ஆரம்பிக்காதீர்கள். அவளுக்குப் பிடித்த வேலை அது.

மீனா சித்தி: வேன்??

சுரேஷ் மாமா: நான் பேசுகிறேன் அக்கா. 14 சீட் போதுமா?

மீனா சித்தி: பிரவீன் வருகிறானா என்று தெரிந்தால்தானே சொல்ல முடியும்.

சௌம்யா: மாமா, கணக்கு எழுதிய நோட்டு வீட்டில்தான் இருந்தது. ஜூனில் ரவுண்ட் நெக் 2,400 பீஸ் பார்த்ததில் 192 டிஃபெக்ட். செப்டம்பரில் அதே ஸ்டைல், அதே 2 லைன், 2,600 பீஸில் 130.

சுரேஷ் மாமா: அப்படியென்றால் 8இலிருந்து 5. இது 11ஐவிடச் சின்ன எண்தான், ஆனால் யார் கேட்டாலும் பதில் சொல்லலாம். 8இலிருந்து 5 என்றே எழுது. பர்சன்டேஜ் போட்டால் எங்கே தொடங்கினாய் என்பது மறைந்துவிடும்.

பிரவீன்: முதலில் படிப்பது எச்.ஆர். ஆள்தானே மாமா? அவருக்கு டி.எச்.யு. புரியாவிட்டால்?

சுரேஷ் மாமா: பனியன் கம்பெனி எச்.ஆருக்குத் தெரியும்.

பிரவீன்: எல்லோருக்கும் தெரியும் என்று சொல்ல முடியாது.

சௌம்யா: "நூறு பீஸுக்கு 8 டிஃபெக்ட்" என்றே எழுதிவிடுகிறேன். இருவருக்கும் புரியும்.

சுரேஷ் மாமா: நல்லது. இன்ஸ்பெக்‌ஷனுக்கு என்ன இருக்கிறது?

சௌம்யா: பைனல் இன்ஸ்பெக்‌ஷனுக்கு முன் நாங்களே, எத்தனை டிஃபெக்ட் வரை ஏற்கலாம் என்று சொல்லும் ஏ.க்யூ.எல். அளவை 2.5 வைத்துப் பார்ப்போம். 5,000 பீஸ் ஆர்டர் என்றால் 200 எடுப்போம், மேஜர் டிஃபெக்ட் 10 வரை பாஸ், 11 வந்தால் ஃபெயில். செப்டம்பரிலிருந்து நான் பார்த்து அனுப்பிய எதுவும் ஃபெயில் ஆகி ரீசெக்கிங்குக்குத் திரும்பவில்லை.

சுரேஷ் மாமா: பீஸ் கணக்கெல்லாம் மெயிலில் வேண்டாம், அது அவர்களுக்குத் தெரிந்ததுதான். கடைசி வரியை மட்டும் எடுத்துக்கொள். பையர் பெயரும் போடாதே. இப்போது இருக்கும் கம்பெனியின் ரகசியத்தை வெளியே சொல்கிறாள், நாளைக்கு நம்முடையதையும் சொல்வாள் என்று நினைப்பார்கள்.

கலாமணி: பெருந்துறைக்கு பஸ் எத்தனை மணிக்கு இருக்கிறது? இரவு ஷிப்ட் உண்டா? அதை மெயிலில் கேள்.

சௌம்யா: அம்மா, அதை நேரில் கேட்டுக்கொள்ளலாம்.

சௌம்யா: இப்போது பாருங்கள்.

"உங்கள் குவாலிட்டி இன்சார்ஜ் வேலைக்கு விண்ணப்பிக்கிறேன். இப்போது 2 தையல் லைன்களின் தரத்தைப் பார்த்துக்கொள்கிறேன். ரவுண்ட் நெக் ஸ்டைலில், ஜூனில் நூறு பீஸுக்கு 8ஆக இருந்த டிஃபெக்ட் செப்டம்பரில் 5 ஆனது. ஆபரேஷன் வாரியாகக் கணக்கெடுத்தபோது பாதிக்கு மேல் நெக் ரிப் நீடில் ஹோல் என்று தெரிந்தது. ஷிப்ட்டுக்கு ஒரு முறை ஊசி மாற்றுவதையும் மணிக்கு ஒரு முறை சோதிப்பதையும் தொடங்கினேன். செப்டம்பரிலிருந்து நான் பார்த்து அனுப்பிய எந்த ஆர்டரும் பைனல் இன்ஸ்பெக்‌ஷனில் ஃபெயில் ஆகவில்லை. கணக்கெடுத்த முறையை நேரில் விளக்க முடியும்."

பிரவீன்: இப்போதுதான் உன்னை மாதிரி இருக்கிறது.

பழனிசாமி பெரியப்பா: பணிவு குறைகிறதே கண்ணு. வணக்கம்கூட இல்லை.

சௌம்யா: வணக்கமும் நன்றியும் சேர்த்துவிடுகிறேன் பெரியப்பா.

சுரேஷ் மாமா: ஒரு விஷயம். ஊசி மாற்றியது யார், நீயா மெக்கானிக்கா?

சௌம்யா: மெக்கானிக் அண்ணாதான். துணியை நகர்த்தும் ஃபீட் டாக்கையும் அவர்தான் சரி செய்தார்.

சுரேஷ் மாமா: "மெக்கானிக்குடன் சேர்ந்து" என்று போடு. இன்சார்ஜ் வேலைக்கு ஆளைச் சேர்த்துக்கொண்டு வேலை வாங்கத் தெரியணும், அது அந்த ஒரு வார்த்தையிலேயே தெரியும்.

பிரவீன்: அப்படிப் போட்டால் இவள் செய்தது குறைந்து தெரியாதா?

சுரேஷ் மாமா: தெரியாது. கண்டுபிடித்தது யார் என்று அதற்கு முந்தைய வரியிலேயே இருக்கிறதே.

பிரவீன்: எனக்கு அப்படித் தோன்றவில்லை.

கலாமணி: நாளைக்கு வியாழன். 1.30இலிருந்து 3 வரை ராகுகாலம். அதற்கு முன்னால் அனுப்பிவிடு.

சௌம்யா: காலையிலேயே அனுப்பிவிடுகிறேன் அம்மா. மாமா, இங்கிலீஷில் எழுதி உங்கள் நம்பருக்குப் போடுகிறேன். மெக்கானிக் வரியை இரண்டு விதமாகவும் எழுதுகிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.

பழனிசாமி பெரியப்பா: சம்பளம் எவ்வளவு என்று யாருமே கேட்கவில்லையே?

மீனா சித்தி: பிரவீன், நீ ஞாயிறு வருகிறாயா இல்லையா? 14 சீட்டா, 18 சீட்டா?