பேட்டரி ஃபுல் என்று காட்டுகிறது, ஆனால் 40 நிமிடம்தான் நிற்கிறது. ஜெல் வாங்கலாமா, ஏ.ஜி.எம். வாங்கலாமா?

ஏலத்தோட்டம்
வணக்கம். கொஞ்சம் அவசரம். வண்டன்மேடு பக்கம் தோட்டத்து வீட்டில் இன்வெர்ட்டர் வைத்திருக்கிறோம், 150 ஏ.எச். பேட்டரி. முன்பு அஞ்சு மணி நேரம் நின்றது. இப்போது 40 நிமிடத்தில் கத்த ஆரம்பித்துவிடுகிறது. இன்வெர்ட்டரிலோ பச்சை விளக்கு எரிகிறது, ஃபுல் என்கிறது. மழை தொடங்கிவிட்டது, லைனில் மரம் விழுந்தால் ஒரு நாள் முழுக்கக் கரண்ட் வராது. சனிக்கிழமை கம்பம் இறங்கும்போது புது பேட்டரி வாங்கிவிடலாம் என்றிருக்கிறேன். கடையில் தண்ணீர் ஊற்றும் சாதா 16,000, ஊற்றாத மூடிய வகையில் ஏ.ஜி.எம். 24,000, ஜெல் 27,000 என்கிறார்கள். எதை வாங்குவது?

குமுளி_ரவி
ஜெல் எடுங்கள். தண்ணீர் ஊற்றும் வேலையே இல்லை. அடிவரைக்கும் காலியானாலும் ஒன்றும் ஆகாது, டீப் டிஸ்சார்ஜுக்கென்றே செய்தது.

செங்கோட்டை_மணி
இந்தக் காலத்தில் ஈய பேட்டரி வாங்குவார்களா? லித்தியம் போடுங்கள்.

கம்பம்_செல்வி
அண்ணா, இப்போது இருப்பது எந்த வகை? மேலே மூடி திறந்து தண்ணீர் ஊற்றுவதா, ஊற்றாததா? எத்தனை வருடம் ஆச்சு? லோடு என்ன?

பழைய_வயர்மேன்
தம்பி, இங்கே கேள்வி கேட்பவர்கள் எல்லோரும் இதைத்தான் செய்கிறார்கள். வகை சொல்வதில்லை, வயது சொல்வதில்லை, மீட்டர் வைத்துப் பார்ப்பதில்லை, நேராக எதை வாங்கலாம் என்று கேட்பது. மருந்துக் கடையில் போய் நல்ல மாத்திரை கொடுங்கள் என்று கேட்பீர்களா? முப்பது வருடமாக இந்த வேலை பார்க்கிறேன். மூடி திறக்கிற பேட்டரி என்றால் ஹைட்ரோமீட்டர் வாங்கி ஆறு செல்லிலும் கிராவிட்டி, அதாவது ஆசிட்டின் அடர்த்தி, எடுத்துப் போடுங்கள். அதுவரை யாரும் பதில் சொல்லாதீர்கள்.

கொழிஞ்சாம்பாறை_விவசாயி
என் கதையைச் சொல்கிறேன், யாருக்காவது உதவும். போர்வெல் ஷெட்டில் சோலார் இன்வெர்ட்டருக்கு ஆசைப்பட்டு ஜெல் வாங்கினேன். 14 மாதம்தான் உழைத்தது. தொட்டால் சுட்டது, பக்கவாட்டில் வயிறு ஊதியது போல் புடைத்துவிட்டது. பேட்டரிதான் மட்டம் என்று நினைத்தேன். அப்புறம் வந்து பார்த்தவர் இன்வெர்ட்டரின் பின்பக்கம் இருந்த சின்ன சுவிட்சைக் காட்டினார். அது டியூபுலரில் கிடந்தது. பழைய தண்ணீர் பேட்டரிக்கு வைத்த சார்ஜையே ஜெல்லுக்கும் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஏலத்தோட்டம்
மன்னிக்கவும், எல்லாம் தெரிந்திருக்கும் என்று நினைத்துவிட்டேன். மூடி திறக்கிற டியூபுலர்தான், 22 மாதம் ஆகிறது. அஞ்சு பல்பு, டிவி, மோடம், கேமரா ரெக்கார்டர், எல்லாம் சேர்த்து 200 வாட் இருக்கும். தினமும் ரெண்டு மூணு மணி நேரம் கரண்ட் போகும். பராமரிப்பில் குறை வைக்கவில்லை. ரொம்ப நல்ல பேட்டரி, எட்டு மாதமாக ஒரு சொட்டுத் தண்ணீர்கூட ஊற்றவில்லை, மிதவை இறங்கவே இல்லை. அதனால்தான் திடீரென்று போனது ஆச்சரியமாக இருக்கிறது.

மதகு
அந்தக் கடைசி வரியிலேயே நோய் தெரிகிறது. தினமும் ரெண்டு மூணு மணி நேரம் வேலை செய்கிற டியூபுலர் எட்டு மாதம் தண்ணீர் குடிக்கவில்லை என்றால், அதற்கு முழுச் சார்ஜ் ஏறவே இல்லை என்று அர்த்தம். சார்ஜ் நிறையும் கட்டத்தில்தான் செல்லுக்குள் குமிழி வரும், தண்ணீர் குறையும். அந்தக் கட்டத்துக்கே போகாத பேட்டரி தண்ணீரை அப்படியே வைத்திருக்கும்.

இரண்டு வேலை செய்யுங்கள். இன்வெர்ட்டரின் பின்னால் அந்தச் சுவிட்ச் எதில் இருக்கிறது என்று பாருங்கள். அப்புறம் பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு ராத்திரி முழுக்கச் சும்மா வைத்து, காலையில் மீட்டரில் வோல்ட்டும் ஒவ்வொரு செல்லின் கிராவிட்டியும் எடுங்கள்.

குமுளி_ரவி
12.7 வந்தால் ஃபுல், பயம் இல்லை.

மதகு
ரவி, அது கார் பேட்டரி கணக்கு. இன்வெர்ட்டர் டியூபுலரில் ஆசிட்டே கொஞ்சம் மெலிதாகத்தான் ஊற்றுவார்கள். முழுச் சார்ஜில் கிராவிட்டி 1240 பக்கம்தான் நிற்கும். புள்ளி வைத்து 1.24 என்று எடுத்து அதோடு 0.84 கூட்டினால் ஒரு செல்லின் வோல்ட் கிடைக்கும், 2.08. ஆறு செல்லுக்கு 12.5. சும்மா கிடக்கும்போது 12.5 காட்டினாலே இது ஃபுல்.

ஏலத்தோட்டம்
வோல்ட் 11.9. கிராவிட்டி 1150, 1145, 1150, 1150, 1140, 1150. சுவிட்ச் எஸ்.எம்.எஃப். என்ற இடத்தில் இருக்கிறது. நாங்கள் தொடவே இல்லை, மாட்டிக் கொடுத்தவர் வைத்ததுதான்.

கம்பம்_செல்வி
ஆறும் ஒரே மாதிரி இருப்பது நல்ல செய்திதானே? ஒரு செல் மட்டும் விழுந்திருந்தால் கதை முடிந்திருக்கும்.

பழைய_வயர்மேன்
எல்லாமே 1150 என்றால் பேட்டரி செத்துவிட்டது என்று அர்த்தம். ஆசிட் மாற்ற வேண்டும்.

மதகு
ஐயா, ஆசிட்டைத் தொட வேண்டாம். 1150 என்றால் ஆசிட் எங்கேயும் போகவில்லை, சல்பேட்டாகத் தட்டில் உட்கார்ந்திருக்கிறது. இப்போது மேலே ஆசிட் ஊற்றினால், பின்னால் சார்ஜ் ஏறும்போது தட்டில் இருப்பதும் திரும்பி வந்து சேரும். அளவுக்கு மேல் அடர்த்தியாகித் தட்டை அரிக்கும்.

நடந்தது இதுதான். எஸ்.எம்.எஃப். என்பது மூடிய பேட்டரிக்கான இடம், அதில் சார்ஜர் 14 வோல்ட் பக்கமே நின்றுவிடும். மூடிய பேட்டரிக்கு அந்தக் கட்டுப்பாடு வேண்டும், டியூபுலருக்கு 14.4க்கு மேல் போக வேண்டும். அதிலும் வண்டன்மேடு குளிர். பேட்டரி குளிர்ந்திருந்தால் அதே சார்ஜை ஏற்ற இன்னும் 0.2 வோல்ட்டாவது கூடுதலாகக் கொடுக்க வேண்டும். கம்பத்தில் வெயிலில் இருக்கும் பேட்டரிக்குப் போதுகிற வோல்ட் உங்களுக்குப் போதாது. தினமும் கொஞ்சம் கொஞ்சம் பாக்கி நின்று, அந்தப் பாக்கி சல்பேட்டாக இறுகிவிட்டது. இறுகிய தட்டு கரண்டை வாங்காது, அதனால் வோல்ட் சட்டென்று ஏறும். இன்வெர்ட்டர் அதைப் பார்த்து ஃபுல் என்று பச்சை விளக்கு போட்டுவிடும்.

குமிழியே வராததால் இன்னொன்றும் நடந்திருக்கும். அடர்த்தியான ஆசிட் கனம், அடியில் தங்கும், மேலே மெலிதான ஆசிட் நிற்கும். ஹைட்ரோமீட்டர் மேலே இருப்பதைத்தான் உறிஞ்சும். உண்மை நிலை 1150ஐ விடக் கொஞ்சம் மேலாகவும் இருக்கலாம்.

சுவிட்சை டியூபுலருக்கு மாற்றுங்கள். ஆனால் இத்தனை நாள் இறுகியதை இன்வெர்ட்டர் சார்ஜர் மட்டும் கரைக்காது. சார்ஜ் கடையில் ஏழு ஆம்பியர் அளவில் மெதுவாக, ஒரு நாளுக்கு மேல் போடச் சொல்லுங்கள். முதலில் எல்லா செல்லிலும் தட்டு மூழ்கியிருக்கிறதா என்று பார்க்கட்டும். கடைசியில் வோல்ட் 15 தாண்டும், கையால் தொட முடியாத சூடு வந்தால் நிறுத்திவிட வேண்டும். ஹைட்ரஜன் வரும், ஜன்னல் திறந்திருக்கட்டும், பீடி பக்கத்தில் வரக் கூடாது. மணிக்கு ஒரு முறை எடுத்த கிராவிட்டி மூன்று தடவை ஒரே எண்ணில் நின்றால் அதற்கு மேல் வராது.

குமுளி_ரவி
அப்படியே தண்ணீரும் மாற்றிவிடுங்கள். எங்கள் வீட்டில் ஏசி தண்ணீர்தான் ஊற்றுகிறோம், அதுவும் டிஸ்டில்டுதான்.

கம்பம்_செல்வி
அண்ணா, ஏசி தண்ணீர் அலுமினியம், செம்பு மேல் வழிந்து தூசியோடு வருவது. டிஸ்டில்டு ஆகாது. அஞ்சு லிட்டர் கேனுக்கு என்ன பெரிய காசு?

கொழிஞ்சாம்பாறை_விவசாயி
முதல் மழையை விட்டுவிட்டு, சுத்தமான பிளாஸ்டிக் டப்பாவில் நேராகப் பிடித்த மழைத் தண்ணீர் ஊற்றி நாலு வருடம் ஓட்டினேன். ஒன்றும் ஆகவில்லை.

பழைய_வயர்மேன்
தகரக் கூரையில் பிடித்து ஊற்றிப் பார்த்தால் தெரியும். இரும்பு கலந்த தண்ணீர் ஊற்றிய செல் தானாகவே சார்ஜ் இழக்கும்.

கொழிஞ்சாம்பாறை_விவசாயி
நேராகப் பிடித்தது என்று எழுதியிருக்கிறேன். கூரை என்று எங்கே எழுதினேன்?

செங்கோட்டை_மணி
தண்ணீர்ப் பேச்சு போதும். அவர் கேட்டது எதை வாங்குவது என்று. வீடு பூட்டிக் கிடக்கும் என்றால் ஜெல்தான் சரி, லித்தியம் முடியாவிட்டால்.

மதகு
வீடு பூட்டிக் கிடக்கும் என்று அவர் சொல்லவில்லை மணி, ஆனால் கேட்க வேண்டிய கேள்விதான். ஜெல் காலியாவதைத் தாங்கும் என்பது பாதி சரி. ஆழமாக இறங்கி, அன்றே திரும்ப ஏறினால் தாங்கும், அந்த விஷயத்தில் ஏ.ஜி.எம்.மை விட நல்லது. நல்ல டியூபுலரும் அதே அளவு தாங்கும். காலியாக இறங்கி ஒரு வாரம் அப்படியே கிடந்தால் மூன்றுக்கும் கேடுதான். ஏ.ஜி.எம். சீக்கிரம் சார்ஜ் வாங்கும், எப்போதாவது கரண்ட் போகிற ஆபீசுக்குப் பொருத்தம். தினமும் பாதிக்குக் கீழே இறக்கினால் சீக்கிரம் களைத்துவிடும்.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. இவர் சுவிட்சில் நடந்த தவறு இரண்டு வருடம் கழித்தாவது வெளியே தெரிந்தது, காரணம் மூடியைத் திறந்து பார்க்க முடிந்தது. ஜெல்லிலும் ஏ.ஜி.எம்.மிலும் திறந்து பார்க்க வழி இல்லை, தவறான சார்ஜில் போன தண்ணீரைத் திருப்பி ஊற்றவும் வழி இல்லை. கொழிஞ்சாம்பாறைக்காரருக்கு நடந்தது அதுதான். 11,000 கூடக் கொடுத்து ஜெல் வாங்கினால் சுவிட்சைச் சரியாக வைக்கும் பொறுப்பு கூடுமே தவிரக் குறையாது. மாதம் ஒரு தரம் மூடி திறந்து பார்க்க ஆள் இருந்தால் சாதா டியூபுலரிலேயே இருங்கள். ஆள் இல்லை என்றால் ஜெல்.

குமுளி_ரவி
நான் இன்னும் ஜெல் பக்கம்தான். எங்கள் கடையில் மூணு வருடமாக ஓடுகிறது.

மதகு
சுவிட்ச் எதில் இருக்கிறது ரவி?

குமுளி_ரவி
பார்த்துச் சொல்கிறேன்.

ஏலத்தோட்டம்
பத்து நாள் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும், ஏலம் எடுப்பு நேரம். கம்பத்தில் ரெண்டு நாள் மெதுவாகச் சார்ஜ் போட்டார்கள். அஞ்சு செல் 1225 வந்தது, அஞ்சாவது செல் 1195ல் நின்றுவிட்டது. சுவிட்ச் மாற்றிவிட்டேன். நேற்று ராத்திரி மூன்றரை மணி நேரம் நின்றது. மிதவையும் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. புதுசு வாங்கவில்லை. எல்லோருக்கும் நன்றி.

கம்பம்_செல்வி
ரொம்ப சந்தோஷம் அண்ணா. 1195 செல்லை என்ன செய்வது மதகு சார்? 30 வித்தியாசம் இருக்கிறதே.

பழைய_வயர்மேன்
அந்த செல்தான் பேட்டரியைக் கொண்டுபோகும். எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

மதகு
போகலாம், மேலே வரவும் செய்யலாம். இப்போது சரியான வோல்ட்டில் தினமும் குமிழி வரும், அதில் கொஞ்சம் ஏறும். ஒரு மாதம் கழித்து ஆறு செல்லும் மறுபடி எடுங்கள். மற்றவை 1235க்குப் போய் இது 1195லேயே நின்றால், அல்லது கீழே இறங்கினால், அப்போது புதுசுக்குக் காசு சேர்க்கலாம். ஏலத்தோட்டம், அஞ்சாவது செல் மேல் பெயிண்டால் ஒரு புள்ளி வைத்துவிடுங்கள், அடுத்த தடவை எந்தப் பக்கத்திலிருந்து எண்ணினோம் என்று குழப்பம் வரும்.